மதியம் மட்டும் மக்கர் செய்யும் ஏசி: கேஸ் போடும் முன் வெளியே சுழலும் விசிறியைப் பாருங்கள்

சித்திரை வெயில் ஏற ஏற, ஏசி மெக்கானிக்குகளுக்கு ஒரே மாதிரியான புகார் வரத் தொடங்கும். "ராத்திரி நல்லா கூலிங் வருது சார். மதியம் ரெண்டு மணிக்கு மேல வெறும் காத்துதான். அரை மணி நேரம் நிறுத்திட்டுப் போட்டா மறுபடி கூலிங் வருது, அப்புறம் போயிடுது." வந்து பார்க்கிறவர்களில் பலர் சட்டென்று சொல்லும் பதில், "கேஸ் குறைஞ்சிருக்கு". சிலிண்டரை மாட்டிக் கொஞ்சம் கேஸ் ஏற்றுவார்கள். அன்று மாலை ஏசி நன்றாகவே ஓடும், ஏனென்றால் மாலையில் அது எப்போதும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் மதியம் பழைய கதை திரும்பும். பல நேரம் முன்பைவிடச் சீக்கிரமாகவே ஏசி நின்றுபோகும்.

இந்தப் புகாருக்குப் பின்னால் அடிக்கடி ஒளிந்திருப்பது அவுட்டோர் யூனிட்டின் விசிறி. அது முழுவதும் நின்றுபோயிருந்தால் யார் கண்ணிலும் பட்டுவிடும். மெதுவாகச் சுற்றினாலோ, இறக்கை எங்கோ உரசிக்கொண்டு சுற்றினாலோ கண்டுபிடிப்பது கடினம். எட்டிப் பார்ப்பவருக்கு விசிறி ஓடுகிறது என்று மட்டுமே தெரியும். எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதை வெறும் கண் சொல்லாது.

வெளியே கொட்டப்படும் வெப்பம்

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. 1.5 டன் ஏசி முழுத் திறனில் ஓடும்போது அறையிலிருந்து சுமார் 5.2 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும். அதை வெளியே தள்ளக் கம்ப்ரஸர் செலவழிக்கும் மின்சாரம் சுமார் ஒன்றரை கிலோவாட். அந்த மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். ஆக மொத்தம் ஏழு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பத்தை அவுட்டோர் யூனிட் இடைவிடாமல் வெளிக்காற்றில் இறக்கிவைக்க வேண்டும்.

கம்ப்ரஸர் அழுத்திச் சூடாக்கிய கேஸ், அவுட்டோரின் பின்பக்கமும் பக்கவாட்டிலும் உள்ள காயிலுக்குள் நுழைகிறது. விசிறி வெளிக்காற்றைப் பின்னாலிருந்து இழுத்து, காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே செலுத்தி, முன்பக்க வலை வழியாக வெளியே தள்ளுகிறது. காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்ள, உள்ளே இருக்கும் கேஸ் குளிர்ந்து திரவமாகிறது. இப்படித் திரவமானால்தான் அது மீண்டும் அறைக்குள் போய் வெப்பத்தை எடுக்க முடியும்.

1.5 டன் அவுட்டோர் ஒன்று மணிக்கு 2000 கன மீட்டர் காற்றைத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவு காற்று இவ்வளவு வெப்பத்தையும் சுமக்க வேண்டுமென்றால், உள்ளே நுழைந்ததைவிட சுமார் 11 டிகிரி கூடுதல் சூட்டோடு வெளியே வரும். விசிறி எந்த விகிதத்தில் வேகம் குறைகிறதோ, காற்றின் அளவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் குறையும். வேகம் மூன்றில் இரண்டு பங்காகிவிட்டால், குறைந்த காற்று அதே வெப்பத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். அப்போது அது 11 டிகிரிக்குப் பதிலாக 16, 17 டிகிரி சூடேறி வெளியே வரும்.

காயிலுக்குள் கேஸ் திரவமாகும் வெப்பநிலை, வெளியேறும் காற்றைவிடச் சில டிகிரியாவது கூடுதலாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வெப்பம் கேஸிலிருந்து காற்றுக்குப் போகாது. எனவே காற்று குறைந்தால், கேஸ் திரவமாகும் வெப்பநிலை தானாக மேலேறும். அதோடு அழுத்தமும் ஏறும், ஏனென்றால் காயிலுக்குள் இந்த இரண்டும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாதவை. இப்போது பரவலாக இருக்கும் ஆர்-32 கேஸ் 50 டிகிரியில் திரவமானால் அழுத்தம் சுமார் 440 பி.எஸ்.ஐ. இருக்கும். 60 டிகிரி என்றால் சுமார் 555. 65 டிகிரியைத் தொட்டால் 620-ஐ ஒட்டிப் போய்விடும். ஹை பிரஷர் ஸ்விட்ச் உள்ள யூனிட்டுகளில், 600 பி.எஸ்.ஐ.யைத் தாண்டிய கட்டத்தில் அந்த ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடுவது வழக்கம். சரியான எண் மாடலுக்கு மாடல் சற்று மாறும்.

இரவில் ஏன் தெரிவதில்லை?

மெதுவான விசிறி இரவில் மறைந்துகொள்வதற்கான காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இரவில் வெளிக்காற்று 30 டிகிரி என்று கொள்வோம். மெதுவான விசிறி அதை 17 டிகிரி சூடாக்கி 47 டிகிரியில் வெளியே விடும். கேஸ் அதைவிட நாலைந்து டிகிரி கூடுதலில், அதாவது ஐம்பதைச் சற்றே தாண்டித் திரவமாகும். எந்த ஏசியும் சிரமமில்லாமல் தாங்கும் நிலை இது. இதே ஏசி முழு வேக விசிறியோடு பகலில் ஓடினால்கூட இதைவிட அதிக அழுத்தத்தில்தான் ஓடும்.

இப்போது மதியத்துக்கு வருவோம். 2003 மே மாதக் கடைசியில் சென்னையில் பதிவான 45 டிகிரி அபூர்வமான நாளுக்குரியது. ஆனால் மேற்கு வெயில் விழும் பால்கனியில், தான் விட்ட சூடான காற்றையே ஓரளவு திரும்ப இழுக்கும் அவுட்டோர் யூனிட்டுக்குச் சாதாரண மே மாத மதியத்திலும் 45 டிகிரிக் காற்று கிடைக்கக்கூடும். விசிறி முழு வேகத்தில் இருந்தால் 45 டிகிரியோடு 11-ஐயும், மேலே நாலு டிகிரியையும் சேர்த்து 60 டிகிரி வரும். ஏசி திணறும், ஆனால் ஓடும். விசிறி மெதுவாக இருந்தால் 65 டிகிரியைத் தாண்டும். ஏசி நின்றுவிடும்.

இதற்கு மின்சாரமும் துணைபோகிறது. ஊரெல்லாம் ஏசி ஓடும் மதிய வேளையில் சில இடங்களில் வோல்டேஜ் இறங்கும். சாதாரண அவுட்டோர் விசிறி மோட்டாரின் இழுவை, வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 190-ஆக இறங்கினால் இழுவை மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நல்ல நிலையில் உள்ள மோட்டார் அதைச் சமாளிக்கும். ஏற்கெனவே பலவீனமான மோட்டார், எந்த நேரத்தில் வேகம் அதிகம் தேவையோ அதே நேரத்தில் இன்னும் மெதுவாகிவிடும்.

நிற்பதற்கு முன்பே குறையும் குளிர்ச்சி

அழுத்தம் ஏறி ஏசி நிற்பது கடைசிக் கட்டம். அதற்கு வெகு நேரம் முன்பிருந்தே குளிர்ச்சி குறைந்துகொண்டு வந்திருக்கும். வெளிப்பக்க அழுத்தம் ஏறும்போது கம்ப்ரஸர் ஒவ்வொரு சுற்றிலும் தள்ளும் கேஸின் அளவு குறையும். சூடாகவே அறைக்குள் போகும் திரவத்தில் ஒரு பங்கு, வெப்பத்தை எடுக்காமல் தன்னைக் குளிர்வித்துக்கொள்வதிலேயே ஆவியாகிவிடும். அறைக்குக் கிடைக்கும் குளிர்ச்சி இறங்கும், கம்ப்ரஸர் இழுக்கும் கரண்ட் ஏறும். கொடுக்கும் மின்கட்டணத்துக்குக் குறைவான குளிர்ச்சி என்பதே அந்த நிலை.

ஒரே வேகத்தில் ஓடும் பழைய வகை ஏசிகள் பலவற்றில் ஹை பிரஷர் ஸ்விட்சே இருக்காது. அங்கே கம்ப்ரஸரைக் காப்பாற்றுவது அதோடு பொருத்தப்பட்ட ஓவர்லோடு. கரண்ட்டும் சூடும் அளவு மீறினால் அது துண்டித்துக்கொள்ளும், சூடு தணிந்ததும் தானே சேர்ந்துகொள்ளும். கம்ப்ரஸர் கனமான இரும்புக் கூட்டுக்குள் இருப்பதால் சூடு தணிய அரை மணி, சில நேரம் அதற்கு மேலும் ஆகும். "நிறுத்திட்டுப் போட்டா வருது" என்று வீட்டுக்காரர் சொல்வதன் பொருள் இதுதான். ஒவ்வொரு முறை இப்படி நிற்கும்போதும் உள்ளே இருக்கும் எண்ணெயும் மோட்டார் சுருளின் காப்புப் பூச்சும் கொஞ்சம் கொஞ்சமாக வெந்துகொண்டிருக்கின்றன.

இன்வெர்ட்டர் ஏசியின் நடத்தை வேறு. அழுத்தமோ வெப்பமோ ஏறுவதை அதன் போர்டு உணர்ந்ததும், கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைத்து ஓட்டப் பார்க்கும். அதனால் நிற்காது, ஆனால் குளிராது. வீட்டுக்காரர் 24-லிருந்து 18-க்கு இறக்கிப் பார்ப்பார், ஒரு மாற்றமும் இருக்காது. நிலைமை இன்னும் மோசமானால்தான் பிழைக் குறியீடு காட்டி நிற்கும். இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் யூனிட்டுகள் பலவற்றில் விசிறியின் வேகமும் தேவைக்கேற்ப மாறும். குளுமையான இரவில் அது மெதுவாகச் சுற்றுவது கோளாறு ஆகாது. அதைச் சோதிக்க வேண்டிய நேரம் கடும் மதியம்.

வேகம் எங்கே போகிறது?

அவுட்டோர் விசிறி மோட்டாரோடு ஒரு சிறிய கெப்பாசிட்டர் இணைந்திருக்கும். சீலிங் ஃபேன் மெதுவானால் கடையில் "கண்டென்சர்" என்று கேட்டு வாங்கி மாற்றுகிறோமே, அந்த வகைதான். வீட்டு ஏசிகளில் அதன் அளவு பெரும்பாலும் 2, 2.5, 3 மைக்ரோஃபாரட் என்ற வரிசையில் இருக்கும். சில மாடல்களில் தனியாக இல்லாமல், கம்ப்ரஸரின் பெரிய கெப்பாசிட்டரோடு ஒரே டப்பாவில் சேர்ந்திருக்கும். வெயிலில் சூடாகும் பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் இருப்பதால் அதன் அளவு மெல்லக் கரையும். 2.5 என்று அச்சிட்ட கெப்பாசிட்டர் 1.5-க்கு இறங்கினாலும் மோட்டார் சுற்றவே செய்யும், வேகம் மட்டும் இருக்காது. முற்றிலும் போய்விட்டால் மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் யாராவது குச்சியால் தள்ளிவிட்டால், தள்ளிய திசையிலேயே சுற்றத் தொடங்கும். தவறான பக்கம் தள்ளினால் விசிறி தலைகீழாகச் சுற்றி, காற்றை எதிர்த்திசையில் அரைகுறையாகத் தள்ளும். குச்சி விடுவது கைக்கும் ஆபத்து, ஏசிக்கும் பயனில்லை.

இரண்டாவது காரணம் பேரிங் அல்லது புஷ். கிரீஸ் காய்ந்து, தூசியும் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றின் துருவும் சேர்ந்தால் தண்டு இறுகும். சர்வீஸ் செய்ய வருகிறவர் வேகமான தண்ணீர்க் குழாயை மோட்டாரின் தண்டு மேலேயே பீய்ச்சியடித்தால், உள்ளே தண்ணீர் புகுந்து கிரீஸைக் கெடுக்கும். இப்படி இறுகிய மோட்டார், குளிர்ந்திருக்கும்போது சரியாக ஓடுவதுபோல் தோன்றி, ஒரு மணி நேரம் சூடேறிய பிறகு மெதுவாவதும் உண்டு.

மூன்றாவது காரணம் இறக்கை உரசல். விசிறியைச் சுற்றி வட்டமான தகட்டு வளையம் இருக்கும். இறக்கையின் நுனிக்கும் அதற்கும் இடையே சிறிய இடைவெளிதான். மோட்டாரைத் தாங்கும் பட்டையின் திருகாணி துருப்பிடித்துத் தளர்ந்தால், மோட்டார் சில மில்லிமீட்டர் தொங்கும். இறக்கை வளையத்தின் அடிப்பக்கத்தில் உரசத் தொடங்கும். இறக்கையைத் தண்டோடு பிடித்திருக்கும் நட்டு தளர்ந்தாலும், தண்டில் உட்காரும் துளை தேய்ந்து ஆட்டம் கண்டாலும், வெயிலில் பிளாஸ்டிக் வளைந்தாலும், யாரோ சாய்ந்து முன்வலை உள்வாங்கினாலும் இதேதான். புறா கூடு கட்டக் கொண்டுவந்த கம்பித் துண்டு சிக்கினாலும் உரசல் கேட்கும்.

"லேசாகத்தானே உரசுகிறது" என்று விட்டுவிட முடியாது. இந்த மோட்டார்கள் மிகச் சிறியவை. தண்டில் சுமார் 40 வாட் தரும் மோட்டார், 850 சுற்று வேகத்தில் 20 சென்டிமீட்டர் நீள இறக்கையைச் சுழற்றுகிறது என்றால், இறக்கை நுனியில் அதற்குக் கிடைக்கும் மொத்தத் தள்ளுவிசை சுமார் 230 கிராம் எடைக்குச் சமம். நுனியில் ஒரு எலுமிச்சம்பழத்தின் கனம் அளவுக்கு, 50 கிராம், உரசல் எதிர்த்தாலே மோட்டாரின் சக்தியில் நாலில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். மையத்தில் இருக்கும் பேரிங்கைவிட நுனியில் விழும் தடை இவ்வளவு பெரிதாவதற்குக் காரணம் அந்த 20 சென்டிமீட்டர் நெம்புகோல்தான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

சென்னையில் மூன்றாவது மாடி வீடு. ஆறு வயதான, ஒரே வேகத்தில் ஓடும் 1.5 டன் ஏசி. ஆர்-32 கேஸ். அவுட்டோர் யூனிட் பின்பக்கப் பால்கனியில். புகார் மேலே சொன்ன அதே புகார். இரண்டு முறை கேஸ் ஏற்றியாகிவிட்டது. இப்போது வந்திருக்கும் மெக்கானிக் நிதானமானவர். சிலிண்டரைக் கீழேயே வைத்துவிட்டு வருகிறார்.

"எத்தனை மணிக்கும்மா நிக்குது?" என்று கேட்கிறார்.

"ரெண்டரைக்கு மேலதான் தம்பி. ஆறு மணிக்கு அப்புறம் பிரச்சினையே இல்ல."

அவர் மதியம் இரண்டு மணிக்கே வந்து ஏசியைப் போட்டுவிட்டு, கம்ப்ரஸர் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டுகிறார். பெயர்ப் பட்டையில் 7.5 ஆம்பியர் என்று இருக்கிறது. மீட்டர் 8-இல் தொடங்கி ஏறிக்கொண்டே போய், 9.8-இல் கம்ப்ரஸர் நிற்கிறது. இந்த ஒரு அளவீடு பாதி வழக்கை முடித்துவிடுகிறது. கேஸ் குறைந்திருந்தால் கம்ப்ரஸருக்கு வேலை குறையும், கரண்ட் பெயர்ப் பட்டை அளவுக்குக் கீழே இறங்கும். இங்கே கரண்ட் ஏறுகிறது. எனவே சிக்கல் வெப்பத்தை வெளியே இறக்குவதில் இருக்கிறது. இரண்டு முறை கூடுதலாக ஏற்றிய கேஸும் அதை இன்னும் மோசமாக்கியிருக்கலாம். அதிகப்படியான திரவம் காயிலின் ஒரு பகுதியை அடைத்துக்கொள்ளும். கேஸ் திரவமாவதற்கான இடம் அந்த அளவுக்குச் சுருங்கி, அழுத்தம் மேலும் ஏறும்.

அடுத்துக் காயிலைப் பார்க்கிறார். போன மாதம்தான் கழுவியிருக்கிறார்கள், தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறது. காயில் அடைத்திருந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும் என்பதால் இதை முதலில் விலக்க வேண்டியிருந்தது. முன்வலையில் கையைக் காட்டுகிறார். காற்று கொதிக்கிறது, ஆனால் மெலிதாக வருகிறது. இடையே "டக் டக்" என்று சீரான சத்தம். சீரான சத்தம் என்பது சுற்றும் பொருளில் இருக்கும் கோளாறின் அடையாளம்.

எம்.சி.பி.யை அணைத்து, சற்று நேரம் பொறுத்து, முன்வலையைக் கழற்றுகிறார். வளையத்தின் அடிப்பக்கம் இடது மூலையில் ஓரங்குல நீளத்துக்குத் தகடு பளபளவென்று தேய்ந்திருக்கிறது. மேலே இடைவெளி தாராளமாக இருக்கிறது. அதாவது மோட்டார் கீழே இறங்கியிருக்கிறது. பட்டையின் கீழ்த் திருகாணி துருவில் அரித்துப்போயிருந்தது. தேய்மானம் வளையத்தைச் சுற்றிலும் பரவியிருந்து, இறக்கையின் ஒரு நுனியில் மட்டும் உரசல் அடையாளம் இருந்தால், அந்த இறக்கை வளைந்திருக்கிறது என்று முடிவுசெய்திருப்பார். தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

திருகாணியை மாற்றி மோட்டாரை நிமிர்த்துகிறார். கையால் சுற்றிவிட்டால் இறக்கை சத்தமில்லாமல் சில சுற்று ஓடி நிற்கிறது. பேரிங் சரி. தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கிறார், ஆட்டம் இல்லை. ஒரு இறக்கையில் சிறு வெள்ளை டேப் ஒட்டி, வலையை மாட்டி, ஏசியைப் போட்டுக் கைபேசியில் விநாடிக்கு 240 காட்சிகள் எடுக்கும் ஸ்லோ மோஷனில் படம் பிடிக்கிறார். மோட்டாரின் பட்டையில் 850 சுற்று என்று இருக்கிறது. அந்த வேகத்தில் டேப் ஒரு சுற்று வர 17 காட்சிகள் ஆக வேண்டும். எண்ணிப் பார்த்தால் 23 ஆகிறது. அதாவது நிமிடத்துக்குச் சுமார் 625 சுற்று. உரசல் போயும் வேகம் வரவில்லை.

மறுபடியும் எம்.சி.பி. அணைகிறது. கெப்பாசிட்டரில் தேங்கியிருக்கும் மின்சாரத்தை முறையாக வடித்துவிட்டு, கழற்றி மல்டிமீட்டரில் அளக்கிறார். 2.5 மைக்ரோஃபாரட், ஐந்து சதவீதம் கூடக் குறைய என்று அச்சிட்டிருக்கிறது. மீட்டரில் 1.5. புதிய 2.5 கெப்பாசிட்டரை மாட்டியதும் ஸ்லோ மோஷன் கணக்கு 17-க்கு வந்துவிடுகிறது. கூடுதல் கேஸை வெளியே இழுத்து, பெயர்ப் பட்டையில் உள்ள எடைக்குச் சரியாக நிறுத்து ஏற்றிவிடுகிறார். மூன்று மணி வெயிலில் கரண்ட் 8.3 ஆம்பியரில் நிலைத்து நிற்கிறது. செலவான பாகங்கள் ஒரு திருகாணியும் ஒரு கெப்பாசிட்டரும்.

ஒரே யூனிட்டில் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருந்ததைக் கவனிக்க வேண்டும். உரசலைச் சரிசெய்ததும் சத்தம் நின்றுவிட்டதே என்று கிளம்பியிருந்தால், அடுத்த வெயில் மதியத்தில் மீண்டும் அழைப்பு வந்திருக்கும். சத்தம் நின்றதா என்று பார்ப்பதோடு வேகம் வந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

மாற்றும்போது நடக்கும் தவறுகள்

"2.5 கிடைக்கல, 4 போட்டுடலாம், இன்னும் வேகமா ஓடும்" என்று சொல்பவர்கள் உண்டு. பெரிய கெப்பாசிட்டர் மோட்டாரின் துணைச் சுருளில் கூடுதல் கரண்டை ஓட்டி, அதைச் சூடாக்கிச் சில மாதங்களில் எரித்துவிடலாம். அச்சிட்ட அளவையே மாட்ட வேண்டும். வோல்ட் மதிப்பு பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது.

மோட்டாரையே மாற்ற வேண்டியிருந்தால் வாட் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. தண்டின் தடிமன், சுற்றும் திசை, நிமிடச் சுற்று மூன்றும் பொருந்த வேண்டும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஆறு துருவ மோட்டார் ஆயிரம் சுற்றுக்குச் சற்றுக் கீழே ஓடும், எட்டுத் துருவ மோட்டார் 750-க்குக் கீழேதான் ஓடும். ஆறு துருவம் இருந்த இடத்தில் எட்டை மாட்டினால், மோட்டார் புத்தம் புதிதாக இருக்கும், ஆனால் முதல் நாளிலிருந்தே மெதுவான விசிறியாகத்தான் இருக்கும். இறக்கைக்கும் இதே விதிதான். அளவு ஒன்றாக இருந்து சாய்வுத் திசை மாறினால் காற்று எதிர்ப்பக்கம் போகும். உடைந்த இறக்கையை ஒட்டி மாட்டுவதும் கூடாது. ஒரு பக்கம் கனம் கூடினால் அதிர்வு பேரிங்கைத் தின்னும்.

இன்வெர்ட்டர் ஏசிகளின் விசிறி மோட்டார்கள் பலவற்றில் இந்தக் கெப்பாசிட்டரே கிடையாது. அவற்றைப் போர்டு நேரடியாக இயக்கி, வேகத்தையும் கண்காணிக்கும். அங்கே கோளாறு மோட்டாரிலா, போர்டிலா, நடுவிலுள்ள பிளக்கிலா என்று அந்த மாடலின் சர்வீஸ் கையேட்டின்படி அளந்துதான் சொல்ல முடியும்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியது

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நீங்களே மூன்று விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். ஏசி எந்த நேரத்தில் மக்கர் செய்கிறது என்பது முதலாவது. பகலில் மட்டும் என்றால் வெளிப்பக்கத்தில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். கேஸ் குறைந்த ஏசி இரவிலும் சுணங்கும். வெளிக்காற்றைக் கவனிப்பது இரண்டாவது. நல்ல அவுட்டோர் வேகமாக, சூடாக ஊதும். கொதிக்கும் காற்று மெலிதாக வந்தால் விசிறியோ அடைத்த காயிலோ காரணம்.

மூன்றாவது, ஓர் எளிய சோதனை. அவுட்டோர் பால்கனியில் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால், மதியம் ஏசி திணறும் வேளையில் ஒரு பெடஸ்டல் ஃபேனை அதன் பின்பக்கக் காயிலை நோக்கி ஊதும்படி வையுங்கள். முன்பக்கம் வைத்தால் வெளியேறும் காற்றோடு மோதி நிலைமை மோசமாகும். பத்து நிமிடத்தில் அறை குளிரத் தொடங்கினால் வெப்பம் வெளியேறாததே சிக்கல் என்பது உறுதி. இது கண்டுபிடிப்பதற்கான வழி, நிரந்தரத் தீர்வாக அப்படியே விட்டுவிடக் கூடாது.

இவற்றுக்கு அப்பால் நீங்கள் கைவைக்க வேண்டாம். ரிமோட்டில் அணைத்தாலும் அவுட்டோருக்குள் மின்சாரம் இருக்கக்கூடும், எம்.சி.பி.யை அணைத்த பின்னும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். சுவரில் தொங்கும் யூனிட்டை ஜன்னல் வழியாகச் சாய்ந்து தொடப் பார்ப்பது அதைவிட ஆபத்து.

நின்று நின்று ஓடும் ஏசியை மறுபடி மறுபடி போட்டு ஒரு கோடையைத் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும் கெப்பாசிட்டரைத் தள்ளிப்போட்டால், பல ஆயிரம் ரூபாய்க் கம்ப்ரஸர் அதற்கு விலையாகும். அடுத்த முறை யாராவது "கேஸ் போடணும்" என்றால் இரண்டு எண்களைக் கேளுங்கள்: கம்ப்ரஸர் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, அவுட்டோர் விசிறி எத்தனை சுற்று ஓடுகிறது? இரண்டையும் அளந்து சொல்லாதவரிடம் கேஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.